மாதவிடாயை ஒட்டி வரும் ஒற்றைத் தலைவலி: குறிப்பேட்டுடன் மருத்துவரைப் பார்க்கப் போகிறேன், எதைக் கேட்க வேண்டும்?

பொங்கோல்_வானதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. தொடக்கப்பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். பல ஆண்டுகளாகவே மாதவிடாய் வரும் நேரத்தில் தலையின் ஒரு பக்கம் துடித்து வலிக்கும், குமட்டல் வரும், வகுப்பறை விளக்கைப் பார்க்கவே முடியாது. இதுவரை இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு, நெற்றியில் கோடாலித் தைலம் தடவிக்கொண்டு ஓட்டிவிட்டேன். இந்த ஆண்டு வலி இரண்டு மூன்று நாள் நீடிப்பதால், அடுத்த வாரம் பலதுறை மருந்தகத்தில் நேரம் எடுத்திருக்கிறேன். போவதற்கு முன் மூன்று சுழற்சிகளைத் தேதியோடு குறித்து வைத்தேன்.

இரத்தப்போக்கு தொடங்கிய நாள்கள்: மார்ச் 3, ஏப்ரல் 1, ஏப்ரல் 27.
தலைவலி: மார்ச் 2 முதல் 4 வரை; மார்ச் 14 அன்று ஒரு நாள்; மார்ச் 31 மாலை முதல் ஏப்ரல் 3 வரை; ஏப்ரல் 27 காலை முதல் 29 வரை.

இது மாதவிடாயால் வரும் ஒற்றைத் தலைவலிதான் என்று உறுதியாகச் சொல்ல இவ்வளவு போதுமா? மார்ச் 14 கணக்கில் ஒட்டவில்லையே என்பது ஒரு குழப்பம். ஹார்மோன் மாத்திரை கேட்கலாமா என்பது மற்றொன்று.

யீஷூன்_செல்வம் எழுதியது:

என் மனைவிக்கும் இப்படித்தான் நெற்றியிலும் கண்ணுக்குக் கீழும் வலிக்கும். சைனஸ் என்று சொல்லி மூக்கடைப்பு மருந்து கொடுத்தார்கள். பள்ளியில் குளிர்சாதனத்திற்கும் வெளி வெயிலுக்கும் மாறி மாறிப் போவதால் உங்களுக்கும் அதுவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

ஜூரோங்_கவிதா எழுதியது:

செல்வம் அண்ணே, சைனஸ் எப்போது வேண்டுமானாலும் வரும், மாதத்திற்கு ஒரு முறை தேதி பார்த்து வராது. வானதி, எனக்கு உங்களைப் போலவே இருந்தது. கருத்தடை மாத்திரையை இடைவெளி விடாமல் தொடர்ந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். 21 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்தும்போதுதான் எனக்குத் தலைவலி வந்துகொண்டிருந்தது. அந்த 7 நாள் இடைவெளியை எடுத்துவிட்டதும் பெரும்பாலும் நின்றுவிட்டது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இறங்குவதுதான் காரணம், இறங்க விடாமல் வைத்திருந்தால் வலி வராது. மருத்துவரிடம் அதையே கேளுங்கள், வேறு எதற்கும் அலைய வேண்டாம்.

சாந்தி_மருந்தாளர் எழுதியது:

வணக்கம் வானதி. நான் மருத்துவமனை மருந்தகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவள். உங்களைப் பரிசோதிக்காமல் எதையும் முடிவுசெய்ய முடியாது. ஆனாலும் உங்கள் குறிப்பை எப்படிப் படிப்பார்கள் என்று சொல்ல முடியும்.

இரத்தப்போக்கு தொடங்கும் நாளை முதல் நாள் என்று வைத்துக்கொண்டால், அதற்கு முந்தைய இரண்டு நாள்களும் முதல் மூன்று நாள்களும் சேர்ந்ததே கவனிக்க வேண்டிய காலம். மூன்று சுழற்சிகளில் குறைந்தது இரண்டில் தலைவலி இந்த ஐந்து நாளுக்குள் தொடங்கினால், மாதவிடாய்த் தொடர்புடையது என்று கொள்வார்கள். உங்களுக்கு மார்ச் 2, மார்ச் 31, ஏப்ரல் 27 ஆகிய மூன்றும் அந்த எல்லைக்குள் வருகின்றன. மார்ச் 14 வெளியே நிற்பதனால் கணக்குக் கெட்டுவிடவில்லை. மாதவிடாய் நேரத்தில் மட்டும் வருவோர் குறைவு, மற்ற நாள்களிலும் எப்போதாவது வருவோரே அதிகம். உங்களுடையது இரண்டாம் வகை போலத் தெரிகிறது. எனினும் மூன்று சுழற்சி என்பது குறைந்தபட்சம்தான். தொடர்ந்து எழுதி வாருங்கள்.

கவிதா சொன்ன காரணத்தில் உண்மை உண்டு. 1972இல் ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் சோமர்வில் செய்த ஆய்வில், மாதவிடாய்க்கு முன் ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்ட பெண்களுக்குத் தலைவலி தள்ளிப்போனது, இரத்தப்போக்கு மட்டும் வழக்கம்போல வந்தது. புரோஜெஸ்டிரோன் என்ற மற்றொரு ஹார்மோனைக் கொடுத்தபோது இரத்தப்போக்கு தள்ளிப்போனது, தலைவலியோ வழக்கமான நேரத்திலேயே வந்தது. ஆக, இரத்தப்போக்கு அல்ல, ஈஸ்ட்ரோஜன் சரிவதே பெரும்பாலும் தூண்டுகோல். இரத்தப்போக்கு அதிகமாகவும் வயிற்று வலியோடும் இருப்பவர்களுக்கு, கருப்பையிலிருந்து வெளிவரும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வலியைத் தூண்டும் வேதிப்பொருள்களும் இதில் பங்கு கொள்ளலாம்.

ஆனால் "அதையே கேளுங்கள்" என்ற அறிவுரையை ஏற்பதற்கு முன் ஒரு கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். மார்ச் 14 தலைவலிக்கு முன் கண்ணில் ஏதேனும் தெரிந்ததா?

பொங்கோல்_வானதி எழுதியது:

சாந்தி அக்கா, அது எப்படி உங்களுக்குத் தெரிந்தது? அன்று மதிய உணவைத் தவிர்த்துவிட்டு எம்ஆர்டியில் வந்துகொண்டிருந்தேன். கைத்தொலைபேசியில் படிக்கும்போது நடுவே சில எழுத்துகள் மட்டும் காணாமல் போயின. பிறகு பக்கவாட்டில் பளபளக்கும் பல்சக்கர வளைவு ஒன்று தோன்றி மெல்ல விரிந்தது. கண்ணை மூடினாலும் தெரிந்தது. ஏறக்குறைய இருபது நிமிடத்தில் மறைந்துவிட்டது. அதன் பிறகே தலை வலித்தது. வெயிலும் பசியும் என்று விட்டுவிட்டேன். மாதவிடாய் நேரத்து வலிகளில் இப்படி எதுவும் வந்ததில்லை.

சாந்தி_மருந்தாளர் எழுதியது:

நீங்கள் சொல்வது, ஒற்றைத் தலைவலிக்கு முன் பார்வை போன்றவற்றில் சிறிது நேரம் வந்து மறையும் 'ஆரா' எனப்படும் மாற்றத்தைப் போலவே இருக்கிறது. மெல்ல விரிவதும், ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் முடிந்துவிடுவதும் அதன் அடையாளங்கள். மாதவிடாயை ஒட்டிய தலைவலி பெரும்பாலும் ஆரா இல்லாமல் வருவதால், பலர் 'எனக்கு ஆரா கிடையாது' என்று மருத்துவரிடம் சொல்லிவிடுகிறார்கள். கேள்வியோ மாதவிடாய் நேரத்துத் தலைவலியைப் பற்றியது மட்டுமன்று, எந்த நாளில் வந்த தலைவலியானாலும் அது கணக்கில் வரும்.

ஆரா உள்ள ஒற்றைத் தலைவலியில் பக்கவாதத்திற்கான வாய்ப்பு சற்றே கூடுதல். ஈஸ்ட்ரோஜன் கலந்த கூட்டுக் கருத்தடை மாத்திரை அதை மேலும் கூட்டும். ஆகவே உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியில், ஆரா உள்ளவர்களுக்கு வயது எதுவாயினும் இந்த மாத்திரையைக் கொடுக்கக் கூடாது என்ற கடைசி வகையில் அதை வைத்திருக்கிறார்கள். ஆரா இல்லாதவர்களுக்குக்கூட 35 வயதுக்கு மேல் எச்சரிக்கை கூடுகிறது. புகைபிடித்தல், இரத்த அழுத்தம் இருந்தால் இன்னும் கடுமை. ஆராவோ பிற ஆபத்துக் காரணிகளோ இல்லாத கவிதாவுக்கு அது பொருத்தமாக இருந்திருக்கலாம். உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. புரோஜெஸ்டிரோனைப் போலச் செயல்படும் புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ள மாத்திரை வேறு வகை, அதைத் தனியாகப் பேச வேண்டும்.

பதறாதீர்கள். மார்ச் 14 குறிப்பை அந்த விவரத்தோடு தாளில் எழுதி, மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லுங்கள். பார்வையில் வந்த மாற்றம் நீடித்தாலோ, கை கால் மரத்துப் பலவீனமானாலோ, பேச்சு குழறினாலோ, இதுவரை வராத அளவுக்கு வலி ஒரே நொடியில் வெடித்தாற்போல் வந்தாலோ குறிப்பேட்டுக்கு வேலையில்லை, 995ஐ அழைக்க வேண்டியதுதான்.

ஜூரோங்_கவிதா எழுதியது:

எனக்கு ஆரா உண்டா என்று கேட்டார்கள் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது, அப்போது எதற்கென்று தெரியாமல் இல்லை என்றேன். ஆனாலும் எனக்கு அந்த மாத்திரைதான் பலன் தந்தது. எல்லாரையும் பயமுறுத்தி ஒதுக்கிவிடக் கூடாது.

செங்காங்_ரேவதி எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. தைப்பூசத்திற்கோ வீட்டு விசேஷத்திற்கோ மாதவிடாயைத் தள்ளிப்போட நம் வீடுகளில் மாத்திரை கேட்டு வாங்குவது வழக்கம்தானே. இந்த ஆண்டு நானும் எடுத்தேன். விசேஷம் முடிந்து நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாள் இரத்தப்போக்கோடு தலைவலியும் சேர்ந்து வந்து படுக்கையில் விழுந்தேன். அதற்கும் இந்த ஈஸ்ட்ரோஜன் கதைக்கும் தொடர்பு உண்டா?

சாந்தி_மருந்தாளர் எழுதியது:

உண்டு, ரேவதி. அதற்கு வழக்கமாகக் கொடுப்பது நோரெத்திஸ்டிரோன் 5 மில்லிகிராம், நாளுக்கு மூன்று முறை. எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்குவார்கள். பெயருக்கு அது புரோஜெஸ்டோஜன் என்றாலும், அந்த அளவில் உடலில் ஒரு பகுதி எத்தினில்ஈஸ்ட்ராடியோல் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. நிறுத்தியதும் இரண்டும் ஒருசேரச் சரியும், ஒற்றைத் தலைவலி உள்ளவருக்கு அந்த இடத்தில் வலி வந்தால் வியப்பில்லை. ஆரா உள்ளவர்கள் இதைக் கடையில் கேட்டு வாங்குவதுபோலச் சாதாரணமாக நினைக்காமல், தலைவலி வரலாற்றை மருத்துவரிடம் சொல்லிய பிறகே பெற வேண்டும். நாள் தள்ளிப்போடுவதும் தலைவலியைத் தடுப்பதும் ஒன்றல்ல என்பதை சோமர்வில் ஆய்விலேயே பார்த்தோம்.

தெம்பனிஸ்_பார்வதி எழுதியது:

எனக்கு வயது 48. சுழற்சி இப்போது தாறுமாறாக இருக்கிறது. மூன்று வாரத்தில் ஒரு முறை, பிறகு இரண்டு மாதம் கழித்து. தலைவலியோ முன்பைவிட அதிகம். மாதவிடாய் நின்றுவிட்டால் குறைந்துவிடும் என்கிறார்கள். அதுவரை எந்தக் குறிப்பேட்டை வைத்து என்ன செய்வது? எனக்கும் ஐந்து நாள் கணக்கெல்லாம் எடுபடுவதில்லை.

சாந்தி_மருந்தாளர் எழுதியது:

பார்வதி அக்கா, உங்கள் நிலை வேறு. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் ஏறுவதும் இறங்குவதும் கணிக்க முடியாதபடி இருப்பதால், நாள் குறித்து முன்கூட்டி மருந்து எடுக்கும் முறை உங்களுக்குப் பெரும்பாலும் உதவாது. நாள்தோறும் எடுக்கும் தடுப்பு மருந்து, அல்லது உடல்சூடு, வியர்வை போன்றவையும் இருந்தால் தோலில் ஒட்டும் பட்டை வடிவில் ஹார்மோன், இவற்றையே பேசுவார்கள். பட்டையில் அளவு சீராக இருப்பது அதன் நன்மை. பெரும்பாலானோருக்கு நின்ற பிறகு குறைவது உண்மைதான், எல்லாருக்கும் அல்ல. உங்களுக்கென ஒரு தனி இழை தொடங்கினால் விரிவாகப் பேசலாம்.

வானதியிடம் திரும்புவோம். உங்கள் சுழற்சிகள் 29 நாளும் 26 நாளுமாக இருக்கின்றன. அடுத்தது மே 23க்கும் 26க்கும் இடையில் வரலாம் என்பது வெறும் ஊகம். முன்கூட்டி மருந்து எடுக்க வேண்டுமானால் இந்த ஊகம் எவ்வளவு துல்லியம் என்பதே சிக்கல். நாப்ராக்சென் போன்ற வலிநிவாரணியையோ, நீண்ட நேரம் நிற்கும் ஃபுரோவாட்ரிப்டான் போன்ற, ட்ரிப்டான் வகை ஒற்றைத் தலைவலி மருந்தையோ எதிர்பார்க்கும் நாளுக்கு இரண்டு நாள் முன் தொடங்கி ஐந்தாறு நாள் எடுப்பது அந்த முறை. தேதி தவறினால், தொடங்கி மருந்து தீர்ந்த பிறகு வலி வந்து நிற்கும், அல்லது தேவையில்லாத நாள்களில் மருந்து வயிற்றைக் கெடுக்கும். கருமுட்டை வெளிப்படுவதைக் காட்டும் சிறுநீர்ச் சோதனைப் பட்டையை மருந்துக் கடையில் வாங்கலாம். சுழற்சியின் நீளம் மாறுவது பெரும்பாலும் கருமுட்டை வெளிப்படும் வரையிலான பகுதியில்தான். அதன் பிறகு இரத்தப்போக்கு வரை ஏறக்குறைய 14 நாள் என்பது அவ்வளவு மாறுவதில்லை. அதனால் பட்டை காட்டிய நாளிலிருந்து சுமார் 12 நாள் கழித்துத் தொடங்கினால், நாள்காட்டியைக் காட்டிலும் நம்பலாம்.

மற்றொன்று, மாதத்தில் எத்தனை நாள் வலிநிவாரணி எடுத்தீர்கள் என்றும் எழுதுங்கள். எத்தனை மாத்திரை என்பதைவிட எத்தனை நாள் என்பதே முக்கியம். ட்ரிப்டான் மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, பனடோல் போன்றவை 15 நாளோ அதற்கு மேலோ சில மாதம் தொடர்ந்தால், மருந்தே தலைவலியை வரவழைக்கும்.

பொங்கோல்_வானதி எழுதியது:

கடந்த மூன்று மாதங்களில் எதிலும் ஐந்து நாளைத் தாண்டவில்லை. ஒன்று சொல்ல மறந்தேன்: இந்த ஆண்டு இறுதியிலிருந்து இரண்டாவது குழந்தைக்கு முயலலாம் என்று இருக்கிறோம். அது எதையாவது மாற்றுமா?

சாந்தி_மருந்தாளர் எழுதியது:

நிறையவே மாற்றும். அதை ஆராவுக்கு அடுத்த வரியில் எழுதிக்கொள்ளுங்கள். கருத்தடைப் பயன் தேவையில்லாத காலத்தில் ஹார்மோன் மாத்திரை அர்த்தமிழக்கிறது. டோபிராமேட், வால்புரோயேட் போன்ற சில நாள்தோறும் எடுக்கும் தடுப்பு மருந்துகள் கருவுக்கு ஆபத்தானவை. இரத்தப்போக்குக்கு முன்பே நாப்ராக்சென் எடுப்பதும் முயலும் மாதங்களில் தயக்கத்திற்குரியது, ஏனென்றால் கரு தங்கியிருக்கிறதா என்று அப்போது தெரியாது. இரத்தப்போக்கு தொடங்கிய பின் எடுப்பதில் அந்தக் குழப்பம் குறைவு. ஆஸ்துமா, வயிற்றுப் புண் இருந்தால் நாப்ராக்செனைப் பற்றியும், இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம் இருந்தால் ட்ரிப்டானைப் பற்றியும் கேட்பார்கள்.

பலதுறை மருந்தகத்தில் நேரம் குறைவு என்பதால் மூன்று மாதக் குறிப்பை ஒரே பக்கத்தில், நாள்காட்டிக் கட்டமாக, எடுத்துச் செல்லுங்கள். செயலியைத் திறந்து உருட்டிக் காட்டினால் பாதி நேரம் அதிலேயே போய்விடும்.

யீஷூன்_செல்வம் எழுதியது:

நான் சைனஸ் என்றதற்கு இன்னொரு பக்கம் உண்டு. மனைவியிடம் கேட்டேன், மூக்கடைப்பு மருந்து பலன் தரவில்லையாம், வலி வரும்போது வெளிச்சமும் பிடிக்காதாம். அவருடைய தேதிகளையும் எழுத ஆரம்பித்துவிட்டோம். ஒற்றைத் தலைவலியில் மூக்கு ஒழுகவும் செய்யுமா?

சாந்தி_மருந்தாளர் எழுதியது:

செய்யும். கண்ணில் நீர் வழிவதும் மூக்கு அடைப்பதும் பலருக்கு உண்டு, அதனாலேயே சைனஸ் என்று நினைத்துவிடுகிறார்கள்.

பொங்கோல்_வானதி எழுதியது:

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன். நடந்ததைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படலாம். நாள்காட்டிப் பக்கத்தை நீட்டியதும் முதலில் மார்ச் 14ஐத்தான் விரல் வைத்துக் கேட்டார். பல்சக்கர வளைவைத் தாளில் வரையச் சொன்னார். இரத்த அழுத்தம் பார்த்தார், குடும்பத்தில் இளவயதில் பக்கவாதம் உண்டா, புகைபிடிப்பேனா என்று கேட்டார். கூட்டுக் கருத்தடை மாத்திரை உங்களுக்கு வேண்டாம் என்று கோப்பிலேயே எழுதிவிட்டார்.

முன்கூட்டித் தடுக்கும் முறைக்கு உடனே போகாமல், அடுத்த இரண்டு சுழற்சிகளில் வலி தொடங்கியவுடனேயே சுமாட்ரிப்டான் 50 மில்லிகிராமும் உணவோடு நாப்ராக்செனும் எடுத்துப் பார்க்கச் சொன்னார். மாதவிடாய்த் தலைவலி ட்ரிப்டானின் வேகம் குறைந்ததும் திரும்பி வருவது வழக்கம், நாப்ராக்சென் அதைக் குறைக்கும் என்றார். ஆரா வந்தால் அது தெரியும்போதே சுமாட்ரிப்டானை எடுக்காமல், வலி தொடங்கிய பிறகு எடுக்க வேண்டுமாம். நான் வழக்கமாக மதியம் வரை பொறுத்துப் பார்த்து, தாள முடியாதபோதுதான் பனடோல் போடுவேன் என்றதும், அந்தக் காத்திருப்பில்தான் மருந்து வீணாகிறது என்றார். இதனால் பலனில்லை என்றால் சோதனைப் பட்டையோடு முன்கூட்டித் தொடங்கும் முறைக்குப் போகலாம், அதற்கும் அசையாவிட்டால் நரம்பியல் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் தருவதாகச் சொன்னார்.

புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ள டெசோஜெஸ்ட்ரெல் மாத்திரையைப் பற்றியும் கேட்டேன். ஆரா இருந்தாலும் அதைக் கொடுக்க முடியும், சிலருக்குத் தலைவலி நாள்கள் குறைகின்றன, ஆனால் சிலருக்குத் தொடக்கத்தில் அதிகரிக்கவும் செய்யும், ஆண்டு இறுதியில் குழந்தைக்கு முயல்வதென்றால் சில மாதத்திற்காகத் தொடங்குவது சரியா என்று நீங்களே யோசியுங்கள் என்று விட்டுவிட்டார். கணவரும் நானும் இன்னும் முடிவெடுக்கவில்லை.

ஜூரோங்_கவிதா எழுதியது:

ஆறு மாதம் நிம்மதியாக வேலைக்குப் போக முடிந்தால் அதுவே பெரிது. நானாக இருந்தால் தொடங்கியிருப்பேன்.

சாந்தி_மருந்தாளர் எழுதியது:

நானாக இருந்தால் முதல் இரண்டு சுழற்சியைப் பார்த்துவிட்டே பேசுவேன். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. ஆனால் கவிதா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, வகுப்பறையில் நிற்பவர் வானதிதான். வானதி, அடுத்த சுழற்சியில் மாத்திரை போட்ட நேரத்தையும், இரண்டு மணி நேரம் கழித்து வலி எப்படி இருந்தது என்பதையும், மறுநாள் திரும்பியதா என்பதையும் எழுதி வையுங்கள். மே 23க்கு முன்பே ஒரு மாத்திரையும் ஒரு பிஸ்கட் பொட்டலமும் பள்ளிப் பையில் இருக்கட்டும்.